பவுடர் போடாத போர்டு

மாலை நாலு நாற்பதுக்கு நான் கேரம் கிளப்புக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, போர்டின் மேல் கிடந்த என் தங்கையின் லேப்டாப். வில்லியனூரில் இருக்கும் அந்த ஒற்றை அறையில் அன்று யாரும் காயின் அடிக்கவில்லை. அவள் எழுதிய கேரம் விளையாட்டைத் தன் போனில் ஆடிக்கொண்டிருந்தார் ஓர் ஆட்டோ ஓட்டுநர். கிளப்பில் அவரை ஜெயித்தவர்கள் குறைவு.

ஆறு மணிக்குள் விளையாட்டை, அவள் வேலை கேட்டிருந்த சென்னை கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அது தேறினால்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்.

விரலால் ஸ்ட்ரைக்கரைப் பின்னால் இழுத்தால் குறிக்கோடு தெரியும்; இழுத்த அளவுக்கு வேகம். அவர் முழுக்க இழுத்து விட்டார். ஸ்ட்ரைக்கர் பாதி போர்டிலேயே நின்றது.

"இன்னாம்மா, போர்டுக்குப் பவுடர் போட மறந்துட்டியா?"

"என் போன்ல நல்லா ஓடுதுண்ணே," என்றாள் தங்கை.

"அப்ப என் போன்தான் ஈரமா கீதுன்றியா?"

அவள் அடிக்கும் வேகத்தைக் கூட்டினாள். அவர் போனில் சரியானது. என் போனில் ஆடிப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் ஒரு காயினைத் தொடாமலே அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. அரை மணி நேரம் அந்த வேகத்தையே கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்து இருபது.

ஓட்டுநர் இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு இழுத்துக் காட்டினார்.

"அடி ஒண்ணுதான். இதுல சீக்கிரம் நின்னுடுது பாரு. உன் கை மேல தப்பு இல்ல, போர்டு மேல."

அவள் அவர் போனின் திரை அமைப்பைத் திறந்தாள். நொடிக்கு நூற்றிருபது முறை படம் மாறும் திரை. அவளுடையதும் என்னுடையதும் அறுபது. படம் மாறும் ஒவ்வொரு முறையும் வேகத்தில் நூற்றில் இரண்டு பங்கு குறைய வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவர் போனில் அந்தக் குறைப்பு இரண்டு மடங்கு தடவை நடந்தது. உராய்வைத் திரையோடு கட்டிவிட்டிருந்தாள்.

திரை எதுவானாலும் கணக்கு நொடிக்கு அறுபது முறைதான் நடக்கும்படி மாற்றி, வேகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். ஐந்து நாற்பத்தைந்துக்கு ஓட்டுநர் மறுபடி ஆடினார். ரெட்டைக் குழியில் போட்டார். ரெட்டை உறுதியாக்க இன்னொரு காயினை ஃபாலோ போட அடித்த அடியில் காயின் விழவில்லை, ஸ்ட்ரைக்கர் விழுந்தது. ரெட் நடுவுக்குத் திரும்பியது. அவர் போட்டிருந்த காயின் ஒன்றும் கூடவே போர்டுக்கு வந்தது.

"அடப்பாவி, ஃபைனும் வாங்கிடுச்சே!"

"தப்பா இருக்காண்ணே?"

"தப்பு என்னுதும்மா. அனுப்பு."

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, வில்லியனூரிலிருந்து முதல் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனாள்.