ஐஸ் கம்பெனிக்காரரின் உள்ளங்கை

என் அக்காவுக்குக் கொழுந்தன்மார் மூன்று பேர். மூத்தவர் லாரியோடு போனவர், போனவர்தான். நடுவில் உள்ளவர் மாமியார் வீட்டோடு ஒட்டிக்கொண்டார். கடைக்குட்டி ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக நிற்கும் தகர டின்களைக் கொக்கி போட்டுத் தூக்க வேண்டும். சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்ற வேண்டும். இருபத்திரண்டு வருடம் அவர் செய்தது இதைத்தான். கையுறை கொடுப்பார்கள், நனைந்துவிட்டால் அது கையைவிட மோசம் என்று கழற்றிப் போட்டுவிடுவார். உள்ளங்கை தோல் செருப்பின் அடிபோலக் காய்த்து, எந்நேரமும் சில்லென்று கிடக்கும். கல்யாணத்தன்று அவர் கையைப் பிடித்த மனைவி, “எனக்குத்தான் காய்ச்சலோன்னு நெனச்சேன்” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

பத்து வருடம் குழந்தை இல்லை. இரண்டு தங்கவில்லை. மூன்றாவது ஏழரை மாதத்திலேயே வயிற்றைக் கிழித்து எடுக்கும்படி ஆயிற்று. பெண். ஒன்றரைக் கிலோ. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒன்றே முக்கால் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரந்தான் மழை பிடித்தது.

வீடு என்பது மாடியில் ஒரே ஒரு அறை. மேலே சிமெண்டுத் தகடு, மேற்குச் சுவர் முழுக்க ஈரம். கனமான போர்வையைக் குழந்தை மேல் போடக் கூடாது, மூச்சு முட்டும். சுடுதண்ணி பாட்டிலைப் பக்கத்தில் வைக்கக் கூடாது, அந்தத் தோல் வெந்துவிடும். கரி மூட்டினால் புகை. இத்தனையும் சொன்ன நர்சம்மா, செய்ய வேண்டியதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

“துணிக்குள்ள அணைக்கிறதில்ல, தோலோட தோலா. குழந்தைக்கு நாப்கினும் தொப்பியும் காலுறையும் போதும். நெஞ்சுல நெட்டுக்குத்தா வெச்சு, தலைய ஒரு பக்கமாத் திருப்பி, மூக்கு வாய் தெரியற மாதிரி மேல துணியைச் சுத்திக் கட்டிக்கங்க. சாய்ஞ்சு உக்காருங்க. நாப்கின் நனைஞ்சா உடனே மாத்துங்க. காலையும் வயித்தையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் கதகதன்னு இருந்தா நல்லது. கால் மட்டும் சில்லுன்னா குளிர ஆரம்பிச்சிருக்கு. வயிறும் சில்லுன்னா நிக்காம இங்க ஓடி வாங்க.”

“ரொம்பச் சூடா இருந்தா?” என்று கேட்டது அவர்தான்.

“அப்போ மேல் துணியைக் குறைங்க.”

ஆறு நாள் அம்மா நெஞ்சிலேயே இருந்தது குழந்தை. நாற்பது கிராம் கூடியது. ஏழாம் நாள் தையலில் சீழ் பிடித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். அந்த வார்டில் குழந்தையை வைக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். பாலைப் பீய்ச்சி மூடிபோட்ட டம்ளரில் கொடுப்பாள்; அக்கா கொண்டுவந்து பாலாடையில் ஊட்டுவாள். பகலெல்லாம் அக்காவின் நெஞ்சில். சாயங்காலம் கொழுந்தன் வேலை முடிந்து வந்ததும் மாற்றிக் கொடுத்தாள்.

“ஐஸ் பெட்டிக்குள்ள குழந்தைய வெக்கிற மாதிரி இருக்கு தம்பி” என்றாள்.

“கைதான் அண்ணி சில்லு. நெஞ்சு அடுப்பு.”

“அப்ப கைய எடுத்துட்டு நெஞ்ச மட்டும் குடு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நெஞ்சைப் பற்றி அவர் சொன்னது நிஜந்தான். ராத்திரிப் பாலை மூடிவைத்துவிட்டு, அக்கா தன் பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்குப் போனாள்.

நர்சம்மா சொன்னபடியே மனுஷர் தொட்டுப் பார்த்தார். அன்று முழுக்கப் பாளம் தூக்கி விறைத்த கை. அந்தக் கைக்குக் குழந்தையின் கால் சுட்டது, வயிறு தணலாகச் சுட்டது. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்த பயம் வேறு மனசில். பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது என்றே முடிவு செய்துவிட்டார். சூடு என்றால் குறை என்றுதானே சொன்னார்கள்? மேல் துணியை அவிழ்த்தார். தொப்பியைக் கழற்றினார். தன் நெஞ்சுச் சூடு சேர்ந்தால் இன்னும் ஏறும் என்று, பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து ஒற்றைத் துணியால் மூடினார். தள்ளியா உட்கார்ந்தார்? பக்கத்திலேயே விழித்திருந்தார். மணிக்கு ஒரு தரம் தொட்டார். ஒவ்வொரு தரமும் கை சுடுகிறது என்றே சொன்னது. குழந்தை பாலுக்குக்கூட அழவில்லை. காய்ச்சல் விட்டுத் தூங்குகிறது என்று நினைத்தார்.

விடிந்து அக்கா பாலோடு வந்தாள். பாயில் கிடப்பதைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் தொட்டாள். வயிற்றைத் தொட்டாள்.

“என்ன பண்ணி வெச்சிருக்க?”

“காய்ச்சல் அண்ணி. ராத்திரி பூரா கொதிச்சுது.”

“கொதிச்சுதா? மீன் மாதிரி இருக்குடா!” கொழுந்தனை அதுவரை ‘டா’ போட்டு அவள் பேசியதில்லை. அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சட்டென்று விட்டாள். “உனக்கு இந்த உலகத்துல எதுதான்டா சுடாது?”

ஈர நாப்கினை மாற்றி, தொப்பி போட்டு, அவர் சட்டையைத் திறந்து குழந்தையை உள்ளே வைத்துக் கட்டினாள். குடைக்குள் இரண்டு பேரும் ஓடினார்கள்.

முப்பத்து நாலு டிகிரி என்றார்கள். முப்பத்தாறரைக்குக் கீழே இறங்கக் கூடாதாம். சூடு தரும் மெஷின் ஒன்றுதான். அதில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். மூன்றாவதாக இதை நெருக்கிப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் உடம்பு சூடாகிவிட்டது. ஆனால் பாலாடையை உதட்டில் வைத்தால் வாய் அசையவில்லை. மூக்கில் குழாய் விட்டார்கள், ஊசி போட்டார்கள். சாயங்காலம் இன்னொரு குழந்தை வந்ததும், இதை எடுத்து அவரிடமே கொடுத்தார்கள்.

நர்சம்மா குழந்தையை அவர் நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டார். “இனிமே கையால பாக்காதீங்க. உதட்ட வெச்சுப் பாருங்க.”

“நானாம்மா இப்படி ஆக்கினேன்?”

“குளிர்னால பால் குடிக்காம போகும். உள்ள கிருமி இருந்தாலும் குளிர்ந்து போகும். எது முந்தின்னு எனக்குத் தெரியல அண்ணே.”

இதில் முதல் வாக்கியம் மட்டுந்தான் அவர் காதில் ஏறியது.

இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும் வார்டு நாற்காலியைவிட்டு அவர் எழவில்லை. வேலைக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. அக்கா சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினால், குனிந்தால் குழந்தை நசுங்குமோ என்று அண்ணாந்தபடியே விழுங்குவார். கைகள் இரண்டையும் நாற்காலிக் கட்டைமேல் வைத்துக்கொண்டார், குழந்தையைத் தொடவேயில்லை. அரை மணிக்கு ஒரு தரம் உதட்டால் நெற்றியைத் தொடுவார். “சூடா இருக்கு அண்ணி” என்பார். அக்காவும் தொட்டுப் பார்த்து, “ஆமா தம்பி, சூடாத்தான் இருக்கு” என்பாள்.

மூன்றாம் நாள் காலை நர்சம்மா சுற்று வந்தார். குனிந்து பார்த்தார். துணியை விலக்கி, காதில் குழாயை மாட்டிக் குழந்தையின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். டாக்டரைக் கூப்பிட்டார்.

“சூடாத்தாம்மா இருக்கு” என்றார் இவர். “இப்பத்தான் பாத்தேன்.”

“உங்க சூடு அண்ணே” என்றார் நர்சம்மா.

எந்த நேரத்தில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. துணிக் கட்டை அவிழ்த்துக் குழந்தையை எடுத்தார்கள். அவர் சட்டையை மூடவில்லை. அக்காதான் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அடுத்த கட்டிடத்தில் மனைவி. காய்ச்சல் விட்டுவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பாலைப் பீய்ச்சி மூடிவைத்துக் காத்திருந்தாள். இவர் உள்ளே போய் நின்றார். அவள் டம்ளரை நீட்டினாள், வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அக்காதான் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நின்றாளாம்.

அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போனார். வேறு எங்கே போவது? இன்னும் பதினோரு வருடம் அதே தொட்டியில் டின் தூக்கினார். அவர்களுக்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் அவரிடம் ஓடிப்போய் விழுவார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “அம்மாகிட்டப் போங்க கண்ணு” என்பார்.