சிவப்புப் பென்சில் கோடு

எங்கள் தண்டையார்பேட்டை அம்மன் கோயிலின் பட்ஜெட்டை எட்டு வருஷம் எழுதியவன் நான். கோயில் எனக்குச் சம்பளம் தரவில்லை. துறைமுகத்து ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி நேரே கோயில் அலுவலக அறைக்குப் போய் உட்காருவேன். பக்தி என்று சொன்னால் பொய். ஒருநாள் என்னை டிரஸ்டியாகப் போடுவார்கள், திருவிழாவன்று தலையில் பரிவட்டம் கட்டுவார்கள் என்ற ஆசைதான்.

மூன்று டிரஸ்டிகளில் ஒருவர் காலமானார். நான் மனுப் போட்டேன். அறநிலைய இலாகாவிலிருந்து உத்தரவு வந்தபோது அதில் இருந்தது என் பெயர் இல்லை. டோல்கேட் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவனின் பெயர். அவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் எங்கள் தெருவில். எட்டாவதில் கணக்கில் கோட்டை விட்டு மண்டியில் உட்கார்ந்தவன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுத இப்போது என்ன இருக்கிறது?

"எழுதறது நீங்க, மாலை அவருக்கா?" என்றாள் என் மனைவி. ஆறுதலாகத்தான் கேட்டாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது.

அந்த வாரமே தலைமை டிரஸ்டி என்னைக் கூப்பிட்டார். ரயில்வேயில் இருந்து ரிடையரான பெரியவர். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல பட்ஜெட் பாஸாகணும். புதுசா வந்தவருக்கு எப்படிப் படிக்கிறதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க" என்றார். என் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நானே பாடம் எடுக்க வேண்டுமாம்.

பட்ஜெட்டைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டு புதன்கிழமை மண்டிக்குப் போனேன். மூட்டைமேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னான். கடைப்பையனை அனுப்பி டீ வரவழைத்தான்.

"மாமு, எனுக்கு ஒண்ணும் தெரியாது. நாலு பேர் முன்னால என்னிய அசிங்கப்பட வுட்டுடாத" என்றான்.

சொல்லிக் கொடுத்தேன். இது நடந்து முடிந்த கணக்கு அல்ல, ஜூலையில் பிறக்கப்போகும் பசலி ஆண்டுக்கு உத்தேசம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதலில் தலைப்பைப் பார், பிறகு தொகையைப் பார். கடை வாடகை மூவாயிரத்து அறுநூறு, உண்டியல் ஆயிரத்து இருநூறு, அர்ச்சனைச் சீட்டு எண்ணூறு. அந்தப் பக்கம் சம்பளம் இரண்டாயிரத்து நானூறு, பூஜைச் செலவு ஆயிரத்து எழுநூறு, உற்சவம் ஆயிரத்து ஐந்நூறு, மராமத்து ஐந்நூற்றைம்பது, இலாகாவுக்குச் செலுத்துவதும் தணிக்கைக் கட்டணமும் முன்னூற்றைம்பது. ஒரு தலைப்பில் ஒதுக்கியதை இன்னொரு தலைப்பில் நீயாக எடுத்துச் செலவழிக்கக் கூடாது. மராமத்துப் பணத்தில் மேளக்காரனுக்குக் கூலி கொடுத்தால் தணிக்கைக்காரர் பிடித்துக்கொள்வார்.

அவன் கேட்ட கேள்விகள் எனக்கு எரிச்சலாக இருந்தன. எல்லாம் சரியான கேள்விகள். "உண்டில இவ்ளோ வுழும்னு எப்டி மாமு தெரியும்?" என்றான். போன மூன்று வருஷத்தைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும் என்றேன். "ஓ, மழைக்கால வியாபாரம் மாரி" என்றான். சட்டென்று பிடித்துக்கொண்டானே என்று இருந்தது.

வரவுப் பக்கத்தில் முதல் வரி 'ஆரம்ப இருப்பு' ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவன் விரல் அதைத் தாண்டி நேரே அடிக்குப் போயிற்று. வரவு மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறு, செலவு மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு.

"ஆயிரம் ரூபா மிச்சம் கீதே!" என்றான். முகம் மலர்ந்துவிட்டது.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஆரம்ப இருப்பு பழைய வருஷங்களில் சேர்ந்த பணம், இந்த வருஷத்து வருமானம் இல்லை. அதைக் கழித்தால் வருமானம் ஐயாயிரத்து அறுநூறுதான். செலவு அதற்கு மேல் தொள்ளாயிரம். அதனால் உபரி இல்லை, தொள்ளாயிரம் துண்டு விழுகிறது. பழைய இருப்பைத் தின்றுதான் இந்த வருஷம் ஓடும், அடுத்த வருஷமும் இப்படியே போனால் நூறு ரூபாய்தான் மிஞ்சும் என்று.

"ஆமா, ஆயிரம்" என்றேன்.

"அப்டின்னா அம்மனுக்கு வெள்ளிக் கவசம் செஞ்சுடலாம். வெள்ளிக்கெயம கூட்டத்துல நானே சொல்றேன்" என்றான்.

சொல்லட்டும் என்று நினைத்தேன். பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "இருப்பு எது, உபரி எதுன்னே தெரியலையே உமக்கு?" என்று கேட்பதை மனசுக்குள் பத்துத் தரம் ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலக அறையில் மூன்று டிரஸ்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். பட்ஜெட்டை எடுத்ததும் அவன் எழுந்தான். கையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது.

"எனுக்குப் படிப்பு கம்மி. அதான் நேத்து பீரோவத் தொறந்து பளைய பட்ஜெட்டெல்லாம் பார்த்துகினு இருந்தேன்" என்று ஆரம்பித்தான். "எட்டு வருசத்துலயும் ஆரம்ப இருப்புக்குக் கீய ஒரு செவப்புக் கோடு கீது. கோட்டுக்குக் கீயதான் அந்தந்த வருச வரவ இவுரு கூட்டிக்கீறாரு. இந்த வருசம் மட்டும் அந்தக் கோடு இல்ல."

அந்தக் கோடு என் வழக்கம். எந்தப் படிவத்திலும் கிடையாது. இருப்பையும் வருமானத்தையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நானாகப் போட்டு வந்த கோடு. புதன்கிழமைக்கு என்று எடுத்த பிரதியில் அதை விட்டிருந்தேன். மறந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கோட்டப் போட்டுப் பார்த்தா தொள்ளாயிரம் துண்டு வுழுது. உற்சவத்துல வாணவேடிக்கைய இந்த வருசம் நிறுத்திடலாம், வாடகை பாக்கியப் புடிச்சு வசூல் பண்லாம். கவசமெல்லாம் அப்பால. அவசரத்துல எய்தறப்போ வுட்டுப்போச்சு போலக்கீது" என்று முடித்தான். பெரியவர், "பலே" என்றார். எட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினான். கூட்டத்துக்கென்றே வாங்கி வந்திருக்கிறான். மேஜைக்குப் போய்க் கோட்டைப் போட்டேன். அது நேராக விழவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காட்டிக் கொடுக்காமல் விட்டானே என்ற நன்றி எனக்கு வரவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டதே என்றுதான் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்தில் வந்து நின்றான். "மாமு, அட்த்த வருச பட்ஜெட்டும் நீதான் எய்தணும். உன்னிய மாரி எய்த இங்க ஆளு இல்ல" என்றான்.

தலையாட்டினேன்.

பென்சிலை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் செருகிக்கொண்டான்.

"கோட்ட மட்டும் நான் போட்டுக்கறேன்."