அத்தையும் ஐந்து நிமிடக் கடிகாரமும்

அரசு வேலைத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட தையல்காரி, மூன்றாம் முறையும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படிப்பவர்களுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் அத்தை. கணக்கு வாத்தியாரிடம் அவள் மறுபேச்சுப் பேசியதே இல்லை. எது இடித்தாலும் கோளாறு தன் மண்டையில்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

அன்று பலகையில் ஒரு கணக்கு. சுவர்க் கடிகாரம் ஒன்று நாளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. இன்று மதியம் சரியாக வைத்தால், மறுபடி என்றைக்குச் சரியான நேரம் காட்டும்?

"ஒரு நாளுக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது நிமிஷம். அஞ்சால வகுத்தா இருநூத்தி எண்பத்தெட்டு நாள்," என்று சொல்லி விடையைப் பலகையில் எழுதினார் வாத்தியார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அத்தை மட்டும் எழுதவில்லை.

"அதுல பாதி நாள் போதும் சார்."

"எப்படிம்மா?"

"எங்க கடைக் கடிகாரமும் இதே மாதிரிதான் ஓடும். எட்டாத உயரம், யாரும் தொடறதில்ல. சின்னவன ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்குச் சரியா வச்சோம். அஞ்சு மாசம் முடியறதுக்குள்ள தானாவே சரியா காட்டுச்சு. அதுல பன்னெண்டு மணிதானே இருக்கு? பன்னெண்டு மணி நேரம் முந்திட்டா முள்ளு சரியான எடத்துல நிக்கும். பகலா ராத்திரியான்னு அதுக்கு என்ன தெரியும்?"

வாத்தியார் விடையைத் துடைத்துவிட்டு 144 என்று எழுதினார்.

"வேற எங்கயாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

அத்தை நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

"பதினாலாம் பக்கம் சார்."