ஆளுக்கு ஒரு யோசனை

எங்கள் தொழிற்சாலையில் மாதக் கடைசி வந்தால் எனக்கு மவுசு கூடிவிடும். சேதராப்பட்டில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைப் பாட்டிலில் அடைக்கும் கம்பெனி அது. என் வேலை என்னவோ பாட்டிலுக்கு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஆனால் மாதக் கடைசியில் எங்கள் லைனில் இருந்த எட்டுப் பேருக்கும் யோசனை சொல்பவள் நான்.

கம்பெனியில் ஊழியர் யோசனைத் திட்டம் என்று ஒன்று உண்டு. மஞ்சள் படிவத்தில் இப்போது எப்படி இருக்கிறது, எப்படி மாற்றலாம், மாற்றினால் என்ன லாபம் என்று எழுதி எச்.ஆர். மேடத்திடம் கொடுக்க வேண்டும். அவர் வரிசை எண் போட்டு, தேதியும் நேரமும் உள்ள சீல் குத்துவார். ஒரே யோசனையை இரண்டு பேர் கொடுத்தால் முதலில் சீல் வாங்கியவருக்கே அது சேரும். முப்பது நாளுக்குள் கமிட்டி பார்த்து முடிவு சொல்லும். சம்பளம், லீவு, கேன்டீன் புகார் எல்லாம் யோசனையில் சேராது. சூப்பர்வைசர்கள் தங்கள் பிரிவுக்கு யோசனை கொடுக்க முடியாது, ஏனென்றால் அது அவர்கள் வேலையே.

யோசனை கொடுக்க முடியாத எங்கள் சூப்பர்வைசர் அந்த ஆத்திரத்தை எங்கள் மேல் காட்டினார். ஆளுக்கு ஒரு யோசனை, மாதா மாதம், இல்லாவிட்டால் போர்டில் நம் லைனுக்கு ஸ்டார் கிடையாது என்றார். திட்டத்தின் விதிகளில் அப்படி ஒரு வரி கிடையாது. அவராகக் கண்டுபிடித்தது. யோசனை தானாக வர வேண்டும், மாதவிடாய் மாதிரி தேதி வைத்தா வரும் என்று நான் ஓய்வறையில் கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஒருத்தி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், வாயும் கொஞ்சம் நீளம். அதனால் எட்டுப் படிவத்தையும் நானே எழுதுவேன். கூலி ஆளுக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி. குடை மாட்டக் கொக்கி, தரையில் மஞ்சள் கோடு, ஸ்பானருக்கு ஒரு பலகை என்று என் மூளையைக் கசக்கி எட்டு விதமாக எழுதுவேன். அவர்கள் படிக்காமலே கீழே கையெழுத்துப் போடுவார்கள். நானும் படிக்கச் சொன்னதில்லை. பஜ்ஜி ஆறிவிடுமே.

என் பக்கத்து மிஷின் அக்காதான் எனக்கு மிக நெருக்கம். கனகசெட்டிக்குளத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். எட்டாவது வரை படித்தவர், வேலையில் சூரர், பேச்சில் சிக்கனம். அவருக்கென்று நான் எழுதிய யோசனைகள் எல்லாம் மிக மோசமானவை, ஏனென்றால் அவர் எப்போதும் கடைசியில்தான் வந்து நிற்பார். சரக்கு தீர்ந்த கடையில் கிடைப்பதுதானே கிடைக்கும்.

அந்த மாதமும் அப்படித்தான். கொக்கி யோசனையை என் பெயரில் கொடுத்துவிட்டேன். வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது, அக்கா படிவத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், என் தலையில் ஒன்றுமில்லை. அடுத்த மாதத்துக்கென்று எனக்காகப் பொத்தி வைத்திருந்த ஒன்று மட்டும் இருந்தது. சரி தொலையட்டும் என்று அதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அது இதுதான். பாட்டில்கள் சாய்ந்துவிடாமல் பெல்ட்டின் இரண்டு பக்கமும் கம்பிகள் இருக்கும். சின்னப் பாட்டிலிலிருந்து பெரிய பாட்டிலுக்கு மாறும்போது அந்தக் கம்பிகளைத் தளர்த்தி, நகர்த்தி, முடுக்கி, பாட்டிலை ஓட்டிப் பார்த்தால் அது விழும். மறுபடி தளர்த்தி, மறுபடி முடுக்கி, அரை மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு சைஸுக்கும் கம்பி எங்கே நிற்க வேண்டும் என்று கலர் கலராகக் கோடு போட்டுவிட்டால் நேராக அங்கே கொண்டுபோய் முடுக்கலாம். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். இந்த மாதம் வந்ததில் சிறந்த யோசனையைக் கொடுத்தவரைக் கம்பெனி விமானத்தில் ஹைதராபாத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும், அங்கே அவர் மேடையில் விளக்க வேண்டும். கமிட்டி நேரில் பார்க்கப்போகும் யோசனை எது என்றும் போட்டிருந்தது. கம்பிக்குக் கோடு. பெயர், அக்காவின் பெயர்.

லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் இறங்கும் விமானத்தை ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்து பார்க்கிறவள் நான். எனக்கு வந்த கோபத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு விமான டிக்கெட்டை அவசரத்தில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அன்றைக்கு அக்கா பஜ்ஜிகூட வாங்கித் தரவில்லை. மேடத்திடம் போய் அது என்னுடையது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். விதி அதற்கும் இருந்தது. அடுத்தவர் யோசனையைத் தன் பெயரில் கொடுத்தால் யோசனை ரத்து, சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரு வருடத்துக்குத் திட்டத்துக்கு வெளியே. நான் வாயைத் திறந்தால் எட்டுப் பேரும் காலி. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய விஷயம்.

அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கமிட்டி கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் தூங்கவே இல்லையாம். அதனால் நான் கற்றுக் கொடுத்தேன். கமிட்டி வருவதற்கு முந்தின நாள் கோடு போட உட்கார்ந்தோம். சிவப்பு, நீலம், பச்சை மார்க்கர். அளவு சரியாகத் தெரிய வேண்டும் என்று அக்கா வீட்டிலிருந்து மூன்று மரக்கட்டைகள் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்காரர் தச்சர். ஒவ்வொரு பாட்டிலின் அகலத்துக்கும் ஒரு நூல் அளவு கூடுதலாக இழைத்து வாங்கியிருந்தார். கட்டையைக் கம்பிகளுக்கு நடுவே வைத்து, அது முட்டுகிற இடத்தில் நான் கோடு போட்டேன். இதுக்குப் போய் தச்சு வேலையா என்று நான் கிண்டல் செய்தேன். அக்கா கட்டைகளைத் துடைத்து டூல் தட்டில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு மணிக்குக் கமிட்டி வந்தது. உற்பத்தி மேனேஜர், மெயின்டனன்ஸ் இன்ஜினியர், எச்.ஆர். மேடம். மேனேஜர் போனில் நேரம் ஓட விட்டார். அக்கா கம்பியைத் தளர்த்தினார். குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

ஒரு கோடுகூட இல்லை.

பெரியவர்கள் யாராவது லைனுக்கு வருகிறார்கள் என்றால் ஸ்பிரிட் துணியால் மிஷினைத் துடைத்துப் பளபளவென்று வைப்பது எங்கள் வழக்கம். யார் வந்தாலும் கை தானாகத் துடைக்கும். அக்காவும் பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு இடுக்கு விடாமல் துடைத்திருக்கிறார், தன் ஹைதராபாத்தையே சேர்த்து. எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்க மாஸ்க்கைக் கடித்தேன்.

அக்கா ஒரு நிமிடம்தான் நின்றார். பிறகு டூல் தட்டிலிருந்து கட்டையை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே வைத்தார். கம்பிகளைக் கட்டையோடு ஒட்ட நகர்த்தினார், முடுக்கினார், கட்டையை உருவினார். அடுத்த இடத்திலும் அப்படியே. பெல்ட்டை ஓட விட்டார். பாட்டில்கள் ஒன்றுகூட சாயாமல் போய்க்கொண்டே இருந்தன. மேனேஜர் போனைப் பார்த்தார். நாலு நிமிடம்.

இன்ஜினியர் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே மரம் ஆகாது, சிம்பு பெயர்ந்து எண்ணெயில் விழும், நைலானில் செய்து கலர் கொடுத்துவிடலாம் என்றார். அவர் முகத்தில் இருந்தது பொறாமை என்று நான் இன்றும் சொல்வேன்.

மேடம்தான் படிவத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். படிவத்தில் இருப்பது கோடு, காட்டியது கட்டை, எழுதினதுக்குத்தான் மார்க் போட முடியும் என்றார். கோடு அழிகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டதால் அது தள்ளுபடி. இன்னும் ஒரு வருடத்துக்கு அது அக்கா பெயரிலேயே இருக்கும், அதற்குள் யாராவது அதைப் பயன்படுத்தினால் பரிசு அக்காவுக்கு. கட்டை வேறு யோசனை. புதுப் படிவம், புது நம்பர், புது சீல்.

"மாசம் இன்னும் முடியல, இதுவும் கணக்குல வரும். ஆனா சீக்கிரம் குடுத்துடுங்க. நாங்க பாத்தோம்தான், இருந்தாலும் தகராறு வரக்கூடாது பாருங்க" என்றார்.

அவர் கண் போன பக்கம் பார்த்தேன். இரண்டு மணி ஷிப்டுக்கு முன்னதாகவே வந்திருந்த ஆபரேட்டர் ஒருவர், எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டு, படிவங்கள் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து மஞ்சள் படிவம் ஒன்றை உருவிக்கொண்டிருந்தார்.

நானும் ஒரு படிவத்தை உருவிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினேன். தலையில் வலைத் தொப்பி, காலில் கம்பெனி செருப்பு, ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. சாம்பார் கொட்டிய மேசையில் படிவத்தை வைத்து மடமடவென்று எழுதினேன். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இன்னொருத்தர் யோசனையை எழுதுகிறேன், கை பறந்தது.

பெயர் எழுதும் இடத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. கூட்டாகக் கொடுக்கலாம், பரிசு பாதிப் பாதி.

"உன் பேரையும் போடுடி" என்றார் அக்கா.

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். கோடு இல்லாமல் கட்டை எங்கிருந்து வந்தது என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தும்விட்டேன். ஒரு புள்ளிகூட விழுந்தது. ஆனால் கட்டையைப் பார்த்து நேற்று சிரித்த வாய் இதே வாய்தான். பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். போட்டுத் தொலை அக்கா, அந்த ஆள் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று கத்தினேன்.

அவர் போடவில்லை. விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்ததை அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"இது என் சொந்த யோசனை என்று உறுதி கூறுகிறேன்." படித்துவிட்டு நிமிர்ந்தார். "மாசாமாசம் இதுக்கு அடியிலயா போட்டுனு இருந்தேன்?"

"ஆமா."

"இன்னிக்கு நெசமாவே போடலாம் இல்ல?" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் இரண்டும் சேர்ந்து வந்தது. கையெழுத்தை மெதுவாக, முழுப் பெயரும் வரும்படி போட்டார்.

மேடம் சீல் குத்தும்போது மணி ஒன்று இருபத்தெட்டு. எங்களுக்குப் பின்னால் அந்த ஆபரேட்டர் படிவத்தோடு வந்து நின்றார். சீலைப் பார்த்ததும் தன் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். யோசனை அந்த நிமிடத்தோடு கம்பெனியின் சொத்தாகிவிட்டது என்று மேடம் விதிப்படி சொன்னார். பெயரும் பரிசும் மட்டும்தான் கொடுத்தவருக்கு. பரிசு முதல் வருடம் மிச்சமாவதில் ஒரு பங்கு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. கமிட்டி கட்டையையே தேர்ந்தெடுக்க, அந்தப் பெயரோடு போய் ஹைதராபாத்தில் மேடையேறி, விமானத்தில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து வந்தார் என் அக்கா. அது இரண்டு மாதம் கழித்து.

அன்றைக்கு மேடம் படிவத்தின் அடியில் இருந்த ஒப்புகைச் சீட்டைக் கிழித்து நீட்டினார். எட்டுப் பேருடைய சீட்டையும் வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது நான்தான். பழக்கத்தில் கையை நீட்டினேன்.

அக்கா அதை எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.