தாண்டி நடந்த டைல்ஸ்

டைல்ஸ் மேஸ்திரிக்கு, அவரோடு வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘டொக்கு’. யார் வீட்டுக்குப் போனாலும் அவருக்கு உட்காரத் தோன்றாது. செருப்பைக் கழற்றிய கையோடு சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துத் தரையைத் தட்டுவார். அடியில் பொள்ளலாக ‘டொக்’ என்று கேட்டுவிட்டால், அந்த வீட்டுக்காரர் தூக்கம் போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சமையலறை வாசலிலேயே ஒரு டைல்ஸ் விரிசல் விட்டு, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. தட்டினார். டொக்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றியிருந்த இடுக்குப் பூச்சை அறுத்தெடுத்து, பக்கத்து டைல்ஸ் சேதமாகாமல் நடுவிலிருந்து உடைத்துப் பெயர்த்தார். அடியில் பசை முழுக்கப் பரவியிருக்கவில்லை. ஐந்து உருண்டைகளாக அப்பியிருந்தது.

“எந்த அவசரக்குடுக்கை ஒட்டினது இது?”

“நீங்கதான். குடிவர்றதுக்கு முந்தின நாள்,” என்றாள் மனைவி. “அப்பவே டொக்குன்னு கேட்டுச்சு, சொன்னேன். நான் ஒட்டினதாவதுன்னு சிரிச்சீங்க. எட்டு வருஷமா தாண்டித்தான் நடக்கிறேன்.”

மேஸ்திரி பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, புதுப் பசையைப் பல் வைத்த கொத்துக் கரண்டியால் வரிவரியாக இழுத்தார். பரணில் மிச்சமிருந்த டைல்ஸின் முதுகிலும் தடவி, அமுக்கி, ரப்பர் சுத்தியலால் மட்டம் தட்டினார். யாரும் மிதிக்காதபடி மறுநாள்வரை குறுக்கே நாற்காலியைப் போட்டு, அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

இடுக்கைப் பூசி, அதுவும் காய்ந்த பிறகு தட்டினார். சத்தம் கெட்டியாகக் கேட்டது.

“வந்து மிதிச்சுப் பாரு.”

அவள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். கால் தானாகவே அந்த டைல்ஸைத் தாண்டிப் போனது.