தாளிக்காத வீடு

துர்காதேவி யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். கடையிலிருந்து வரும் ஜரிகையை உரசிப் பார்ப்பாள், பால்காரன் ஊற்றிய பாலை விரலில் தொட்டுப் பார்ப்பாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அவளும் புருஷன் கதிர்வேலும் வீட்டிலேயே தறி நெய்கிறார்கள். நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு.

அவளுடைய ஒரே பெண் இளவரசிக்கு ஐந்து வயது. ஒருநாள் காலையில் கண் வீங்கி, திறக்க முடியாமல் எழுந்தது. பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். சாயங்காலம் வடிந்தது, மறுநாள் மறுபடி வீங்கியது. பிறகு காலும் வயிறும் வீங்கின. நான் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல நுரைக்கிறதென்று துர்கா சொன்னதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். நெப்ராட்டிக் சின்ட்ரோம் என்றார்கள். இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரகம் வழியாக ஒழுகிப் போவதால், உடம்பில் நீர் தங்கிவிடுகிற நோய் அது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். வீக்கம் வடிந்து பெண் வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு எதிர்வீட்டில் சமையலே சண்டையாகிவிட்டது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். பருப்பும் முட்டையும் வழக்கம்போலக் கொடுக்கலாம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் ஆகாது. மாமியார் லோகாம்பாள் உப்புக்குப் பதிலாக இந்துப்பைப் போட்டாள்.

"அது உப்பு இல்லடீ, மருந்து" என்றாள்.

"பேர்லயே உப்பு இருக்குது அத்தே. என்னைப் பாத்தா கேனச்சி மாதிரி இருக்குதா?"

லோகாம்பாள் என்னைப் பார்த்தாள். நான் மருமகள் பக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தம்மாள் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. உப்பும் மிளகும் தூக்கலான பெருமாள் கோயில் இட்லியை, பிரசாதமென்று சொல்லிக் கதிர்வேல் ஒருநாள் கொடுத்துவிட்டான். துர்கா குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"சாமி குடுத்தது, கணக்குல வராதுடீ."

"கிட்னிக்குத் தெரியுமா அது சாமி குடுத்ததுன்னு?"

தினமும் காலையில் குழந்தையை நிறுத்தி எடை பார்ப்பது, சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பது இரண்டையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பட்டை மஞ்சளாகவே இருந்தால் புரதம் போகவில்லை. பச்சை ஏற ஏறப் போகிறது. துர்காவுக்கு நூல் சாயம் பழகிய கண்.

"மாம்பழ மஞ்சள்னா நல்லது, கிளிப்பச்சைன்னா கெட்டது, மயில்கழுத்துன்னா ஆஸ்பத்திரி. சரிதானே சிஸ்டரம்மா?"

"கிளிப்பச்சை மூணு நாள் தொடர்ந்து வந்தாலும் ஆஸ்பத்திரிதான்."

பட்டை மாம்பழ மஞ்சளாகவே வந்தது. ஆனால் குழந்தையின் கன்னம் உப்பிக்கொண்டே போனது. துர்கா வீட்டிலிருந்த எல்லோரையும் சந்தேகப்பட்டாள். பட்டையைச் சந்தேகப்பட்டு வேறு புட்டி வாங்கினாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீங்க ஏதாச்சும் முறுக்கு கிறுக்கு குடுத்தீங்களா?"

நான் குழந்தையின் காலை அழுத்திக் காட்டினேன். குழி விழவில்லை. "இது நீர் வீக்கம் இல்லம்மா. மாத்திரையால முகம் இப்படி வட்டமாகும், பசியும் எடுக்கும். டாக்டர் சொல்றபடி மாத்திரையைக் குறைச்சா சரியாயிடும். முகத்தைப் பார்த்துட்டு நீயா நிறுத்திடாதே. திடீர்னு நிறுத்தினா உசிருக்கே ஆபத்து."

"அப்போ எதுக்குத்தான் பயப்படணும்?"

"தொத்துக்கு. இந்த நோயே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், மாத்திரை இன்னும் குறைக்கும். காய்ச்சல், வயித்து வலி, இருமல் எது வந்தாலும் காத்திருக்காதே. அம்மை போட்டவங்க பக்கத்துல போயிட்டு வந்தா, கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே ஓடணும். இவளுக்கு அம்மை வந்ததும் இல்லை, அதுக்கு ஊசி போட்டதும் இல்லை. மாத்திரை சாப்பிடறப்போ அந்தத் தடுப்பூசி போடவும் கூடாது."

துர்கா குழந்தையின் காலை இன்னொரு தடவை தானே அழுத்திப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை நான் அங்கே இருந்தபோது இளவரசி சொன்னது: "விக்னேஷ் வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்களாம். என்னை வரக்கூடாதுன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு."

விக்னேஷ் பக்கத்து வீட்டுப் பையன். அப்பா வீரபத்திரன் வாசலில் இட்லிமாவு விற்கிறான். அம்மா சுகாசினிக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, விடுதியில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள்.

"நல்லதாப் போச்சு, லீவு கிடைச்சிருக்கும்" என்றேன் நான். முப்பது வருஷம் வார்டில் நின்றவள், அந்தச் சொல்லைக் கேட்டும் காதைத் தீட்டவில்லை.

துர்கா நூலை அறுத்துவிட்டுத் தறியிலிருந்து எழுந்தாள். "புதன்கிழமை யாரு லீவு குடுப்பாங்க? அவ வந்திருந்தா மொதல்ல நம்ம வாசல்ல நின்னுக்கினு கதை பேசிருப்பா." மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு நாளா அந்த வீட்டுல தாளிக்கிற வாசனையே இல்ல, சிஸ்டரம்மா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் காய்ச்ச மாட்டார்கள், தாளிக்க மாட்டார்கள். நோயின் பேரையும் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள்.

விக்னேஷ் வீட்டுக்கு விரைந்த துர்காவின் பின்னால் நானும் போனேன். வாசலில் வேப்பிலை இல்லை. மாவுச் சட்டி வழக்கம்போல இருந்தது.

"விக்னேஷ் எங்கேபா?" என்றாள் துர்கா.

"தூங்கிக்கினு இருக்கான்" என்றான் வீரபத்திரன்.

"பின்வாசலைத் தொற."

"எதுக்கு?"

"தொறபா!"

அவன் திறக்கவில்லை. அவள் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போனாள். பின்வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உள்ளே பையன் பாயில் படுத்திருந்தான், முகமெல்லாம் கொப்புளம்.

"முன்னாடி கட்டினா மாவு யாரும் வாங்கமாட்டாங்கக்கா" என்று வீரபத்திரன் முனகினான்.

"என் பொண்ணு எப்போ கடைசியா உள்ள வந்துச்சு?"

"திங்கக்கிழமை. ஒரே பாய்ல படம் பாத்துதுங்க. அன்னிக்கி ராத்திரிதான் கொப்புளம் வந்துச்சு."

கொப்புளத்துக்கு முன்னாலேயே தொற்றும். நான் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்ட நேரமில்லை.

வீட்டில் லோகாம்பாள் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா வந்த எடத்துல வெளையாடிட்டு வந்த பொண்ணு. இனிமே மாத்திரை குடுத்தா அம்மா கோவிச்சுக்குவா."

துர்கா என் பக்கம் திரும்பினாள். நம்பாத பார்வைதான்.

"நிறுத்தக் கூடாது. கூட்டறதோ குறைக்கறதோ டாக்டர் சொல்வார்" என்றேன்.

"சத்தியமா?"

"வா, அவரையே கேளு."

அவள் மாமியாரின் மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். "வேண்டிக்க அத்தே. அது உன் வேலை. இது என் வேலை."

ஆட்டோவில் போனோம். வாசலிலேயே அம்மைத் தொடர்பு என்று சொல்லச் சொன்னேன். மற்ற குழந்தைகளோடு உட்கார வைக்காமல் தனி அறைக்கு அனுப்பினார்கள். தொடர்பு ஏற்பட்டு நாலு நாளுக்குள் வந்துவிட்டீர்கள், தடுப்புப் புரத ஊசி போடலாம் என்றார் டாக்டர். அது நான் கூடாதென்ற தடுப்பூசி இல்லை; அம்மையை எதிர்க்கும் புரதத்தை நேராகவே உடம்பில் ஏற்றுவது. ஊசியைச் சென்னையிலிருந்து வரவழைத்து மறுநாள் போட்டார்கள். ஸ்டீராய்டை நிறுத்த வேண்டாம் என்று அவரும் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் துர்கா என்னை நம்பினாள்.

பிறகு ஒரு மாதம் அவள் பெண்ணை யார் பக்கத்திலும் விடவில்லை. காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தாள், தலைமுடியை விலக்கி விலக்கிக் கொப்புளம் தேடினாள். ஒன்றும் வரவில்லை. பட்டை மஞ்சளாகவே இருந்தது. மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைந்தது. விக்னேஷும் எழுந்து ஓட ஆரம்பித்தான். அந்த வீட்டில் கடுகு வெடித்த அன்று துர்கா மூக்கை நீட்டிக்கொண்டு சந்தில் நின்றதை நான் பார்த்தேன். ஆனாலும் புண்ணெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டதா என்று மாதக் கடைசியில் பையனின் சட்டையைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் பெண்ணை விளையாட விட்டாள்.

மாதம் முடிந்ததென்று நலம் விசாரிக்கப் போனேன். நிலைப்படியிலேயே மறித்துவிட்டாள்.

"ராத்திரி உங்க வீட்டுலேருந்து இருமல் கேட்டுதே."

"தொண்டை வறண்டுதும்மா. வேற ஒண்ணும் இல்லை."

"வீரபத்திரனும் பையன் தூங்கிக்கினு இருக்கான்னுதான் சொன்னான். மொதல்ல மாஸ்க் போட்டுக்கினு வாங்க."

நான் திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.