மேலே காற்று, கீழே நீர், நடுவில் நாங்கள்

பாறசாலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் டாக்டராகச் சேர்ந்த புதிது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ்ஸேறி வந்த கொத்தனார் ஒருவர் மூச்சுத் திணறி உட்கார்ந்திருந்தார். வலது நெஞ்சில் மூச்சொலியே கேட்கவில்லை.

நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தாலும் நீர் கட்டினாலும் மூச்சொலி அடங்கிவிடும். விரலால் தட்டினால்தான் வித்தியாசம் தெரியும். காற்றென்றால் காலித் தகரடப்பா போல முழங்கும்; நீரென்றால் கல்லைத் தட்டியது போலச் செத்த சத்தம் வரும்.

நான் முன்பக்கம் மேலே தட்டினேன். முழங்கியது. "காத்தாக்கும்" என்றேன். என்னோடு டியூட்டியிலிருந்த டாக்டரம்மா முதுகின் அடியில் தட்டிவிட்டு, "வெள்ளமாக்கும்" என்றார்; நீரைத்தான் சொன்னார். சண்டை மூண்டது. ஒருவர் தட்டிய இடத்தில் மற்றவர் தட்டிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் அல்லவா!

கொத்தனார் வாயைத் திறந்தார். "டாக்டரே, பஸ்சு குழியில..."

"அண்ணே, பேசாம இரியும். நெஞ்சு கேக்க முடியல்ல" என்று அடக்கினேன்.

எக்ஸ்ரே வந்தது. ஸ்கேல் வைத்து வரைந்தது போல நெஞ்சுக்குள் ஒரு நேர்கோடு. அதற்கு மேலே காற்று, கீழே நீர். அப்புறம்தான், படத்தைப் பார்க்க வந்த பெரிய டாக்டர் அவரைப் பேசவிட்டார்.

"பஸ்சு குழியில விழும்போ உள்ள வெள்ளம் குலுங்குது சாரே. தொட்டி நெறஞ்சிருந்தா குலுங்காதுல்லா? மேல காத்து நிக்குதாக்கும்."

பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். 'நோயாளி வேறெதுவும் சொல்லவில்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது.